செய்தி அனுப்பும் நாளும் நாழிகையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்க உரை)



சங்கத்தின் செய்திகளை அங்கத்தினர் குடும்பங்களுக்குக் கைப்பேசி வழியே எந்த முறையில், எந்த நாளில், எத்தனை பேருக்கு அனுப்புவது என்பதைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளார்கள். கேட்பதற்கு இது சிறிய பொருளாகத் தோன்றும். "பொத்தானை அழுத்தினால் போகிறது, இதில் பேச என்ன இருக்கிறது?" என்று நம் இளைஞர்கள் கேட்கவும் கூடும். ஆனால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் 30 என்றிருக்க, அச்செய்தி ஒரு மாணவியின் வீட்டை அடுத்த மாதம் 5ஆம் நாள் சென்றடையுமானால், அவள் இழப்பது ஓராண்டுப் படிப்புச் செலவு. அப்படி நேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் எவருடைய சோம்பலும் அன்று. அனுப்பும் வழிகளுக்கென்று அரசும் நிறுவனங்களும் விதித்துள்ள அளவுகளை அறியாமல், அவற்றைக் கணக்கில் கொள்ளாமல் நாள் குறிப்பதே காரணம்.

ஊருக்குச் செய்தி சொல்வது ஒரு காலத்தில் நம்மவர்மீது சுமத்தப்பட்ட ஊதியமற்ற ஊழியமாக இருந்தது. இன்று நமக்காக நாமே செய்தி சொல்லிக்கொள்கிறோம். ஆதலின், அதன் நெறிகளை நாம் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இருத்தலாகாது.

இந்த அளவுகள் எவ்வாறு வந்தன என்பதை முதலில் சுருக்கமாகக் காண்போம். கைப்பேசியில் குறுஞ்செய்தி மலிவானதும் வீட்டுமனை விற்பவர் முதல் கடன் கொடுப்பவர் வரை எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பலாயினர். வேண்டாதவர் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு ஒன்று 2007இல் வந்தது, அது போதவில்லை. பின்னர் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், சுருக்கமாக டிராய் என்று நாம் சொல்லும் அமைப்பு, 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளை வகுத்தது. அவை 2011 செப்டம்பர் 27 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, ஒரு சிம் அட்டையிலிருந்து நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்திகளுக்கு மேல் அனுப்பலாகாது என்ற வரம்பும் உடன் வந்தது. எதிர்ப்பு எழுந்ததால் அதே ஆண்டு நவம்பரில் அது 200 ஆயிற்று. தனிமனிதர் தம்முள் பரிமாறிக்கொள்ளும் செய்திக்கு இவ்வாறு வரம்பு கட்டுவது பேச்சுரிமையைப் பாதிக்கும் என்று கூறித் தில்லி உயர்நீதிமன்றம் 2012 ஜூலையில் அவ்வரம்பை நீக்கியது. அடுத்த மாதமே, வதந்தியால் அஞ்சி வடகிழக்கு மாநிலத்தார் பெங்களூர் முதலிய நகரங்களை விட்டுக் கூட்டங்கூட்டமாக ஊர் திரும்பிய நாள்களில், நாடெங்கும் மொத்தச் செய்திகளுக்குப் பதினைந்து நாள் தடை வந்தது; ஒரு நேரத்தில் ஐவருக்கு மேல் அனுப்ப இயலாது போயிற்று. அன்று அந்த ஐந்து என்னும் வரம்பு வதந்தி பரப்பியவனையும் கட்டிற்று, கூட்ட அறிவிப்பு அனுப்பிய சங்கச் செயலாளரையும் கட்டிற்று. வரம்புகளின் இயல்பே அதுதான். அவை அனுப்புகிறவரின் உள்ளத்தைப் பார்ப்பதில்லை, எண்ணிக்கையைப் பார்க்கின்றன.

2012 நவம்பரில் வேறொரு வழி கண்டார்கள். ஒரு நாளில் 100 செய்திக்கு மேல் அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 காசு வாங்க வேண்டும் என்று கட்டண ஆணை பிறந்தது. அந்த ஆணை 2020இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. எனினும் இன்றும் பெரும்பாலான மாதத் திட்டங்களில் 'நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்தி' என்றே எழுதியிருப்பதைக் காண்கிறோம். ஆக, சட்டத்தின் வரம்பு போயினும் நூறு என்னும் எண் நம் கைப்பேசியிலேயே தங்கிவிட்டது. நமது கணக்கு இந்த நூற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மண்ணரையிலும் ஊத்துக்குளி சாலையை ஒட்டிய குடியிருப்புகளிலுமாக 900 குடும்பங்களின் எண்கள் ஒரு சங்கத்தின் பதிவேட்டில் இருக்கின்றன எனக் கொள்வோம். செயலாளர் கீழ்க்கண்டவாறு ஒரு செய்தி எழுதுகிறார்:

```
உதவித்தொகை விண்ணப்பம்: கடைசி நாள் 30. சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிப் புத்தகத்துடன் ஞாயிறு காலை சங்கத்திற்கு வரவும்.
```

நல்ல செய்தி; வேண்டியவை எல்லாம் இருக்கின்றன. ஆனால் கைப்பேசி இதை எப்படி எண்ணுகிறது என்று பாருங்கள். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடங்கள் உண்டு. தமிழ் எழுத்து வந்தவுடன் அது 70 ஆகச் சுருங்கிவிடும். அதிலும் 'கி' என்னும் ஓரெழுத்தை, ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு இடமாகவே கருவி கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனியிடம் உண்டு; சொல்லுக்கு நடுவில் விடும் வெற்றிடத்துக்கும் உண்டு. இம்முறையில் எண்ணினால் மேற்கண்ட செய்தி 124 இடம் பிடிக்கிறது. எழுபதைத் தாண்டியதால் அது இரண்டு செய்தியாகிவிடுகிறது. பெறுகிறவர் திரையில் ஒன்றாகச் சேர்ந்தே தெரியும். கணக்கில் மட்டும் இரண்டு.

அப்படியானால் நாளொன்றுக்கு 100 என்பது 50 குடும்பம் என்றாகிறது. 900 குடும்பத்துக்கு 18 நாள். முதல் தேதி தொடங்கியிருந்தால் 18ஆம் தேதி முடியும். 15ஆம் தேதி தொடங்கியிருந்தாலோ பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கடைசி நாள் கடந்த பிறகே செய்தி கிட்டும். பட்டியல் பெரும்பாலும் சேர்ந்த வரிசையில் இருக்கும். ஆகவே புதிதாகச் சேர்ந்த குடும்பங்கள், அதாவது சங்கத்தின் நடைமுறை இன்னும் பழகாதவர்களே, ஒவ்வொரு முறையும் கடைசியில் நிற்பார்கள்.

இதே செய்தியைச் சுருக்கி எழுதலாம்:

```
உதவித்தொகைக்குக் கடைசி நாள் 30. சான்றுகளுடன் ஞாயிறு சங்கம் வரவும்.
```

இது 66 இடம், ஒரே செய்தி. செலவு பாதியாகிறது என்பது ஒரு பயன். அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. முதல் வரைவில் 'சாதிச் சான்று' என்ற சொல் இருந்தது. குறுஞ்செய்தி வந்தவுடன் அதன் வாசகம் பூட்டிய திரையின்மேலேயே தோன்றுகின்ற காலம் இது. பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைமேல் வைத்திருக்கும் கைப்பேசியை அடுத்திருப்பவர் பார்ப்பார். வாடகை வீட்டில் வீட்டுக்காரர் பார்ப்பார். தாம் இன்னார் என்று சொல்லாமல் வீடு பிடித்துக் குடியிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை என்பது நமக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் அச்செய்தியைக் கண்டு அஞ்சி நமது எண்ணையே தடை செய்துவிட்டால், அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. சான்றுகளின் பெயரை ஞாயிறன்று நேரில் சொல்லிக்கொள்ளலாம். அல்லது அவர் திருப்பி அழைக்கும்போது சொல்லலாம்.

சுருக்கிய பிறகும் 900 குடும்பத்துக்கு 9 நாள் ஆகிறதே என்று கேட்பீர்கள். இங்கேதான் பலரும் இரண்டு தவறான வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். ஒருசாரார் நான்கு சிம் அட்டை வாங்கி நான்கு கைப்பேசியில் ஒரே நாளில் அனுப்புகிறார்கள். மற்றொருசாரார் மொத்தமாக அனுப்பித் தரும் மென்பொருளை எவரிடமோ வாங்கி வாட்ஸ்ஆப்பில் ஏற்றுகிறார்கள். இவ்விரண்டும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

சிம் அட்டையிலிருந்து சென்ற செய்தி தனக்கு வேண்டாதது என்று ஒருவர் கருதினால் 1909 என்ற எண்ணுக்கு முறையிடலாம். செய்தி வந்த ஏழு நாளுக்குள் முறையிட இடமுண்டு. பதிவு பெறாத ஓர் எண்ணின்மீது பத்து நாளில் ஐந்து முறையீடு சேர்ந்தால் நிறுவனம் அவ்வெண்மீது நடவடிக்கை தொடங்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் விதியைத் திருத்தினார்கள். அதற்கு முன் ஏழு நாளில் பத்து முறையீடு என்று இருந்தது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால், முதல் முறை அவருடைய எல்லா எண்களிலிருந்தும் வெளிச்செல்லும் அழைப்பும் செய்தியும் 15 நாள் நிறுத்தப்படும். மீண்டும் செய்தால் ஓராண்டுக்கு இணைப்பே இல்லை. அது எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஆகவே நான்கு சிம் வாங்கியவர் நான்கையும் இழப்பார். அவை அவர் பெயரில் இருப்பதால் வீட்டில் பயன்படுத்தும் எண்ணும் சேர்ந்து போகும்.

இங்கு ஒன்று தெளிவாக வேண்டும். விதி தடுப்பது வணிகச் செய்தியை. அங்கத்தினருக்குக் கூட்டம் பற்றியும் உதவித்தொகை பற்றியும் சொல்வது வணிகம் அன்று. அதை விசாரணையில் எடுத்துச் சொல்லலாம். சொன்னால் ஏற்கவும் கூடும். ஆனால் முறையீடு முதலில் வரும், விசாரணை பிறகுதான் வரும். இடைப்பட்ட நாள்களில் கடைசி நாள் கடந்துவிடும். 900இல் 5 என்பது 180 பேருக்கு ஒருவர். 179 பேர் நன்றி சொன்னாலும் அந்த ஒருவரின் முறையீடு அழியாது. எனவே நமக்கு உண்மையான வரம்பு நாளொன்றுக்கு நூறு என்பதன்று. பத்து நாளில் ஐவர் சலிப்படையாமல் இருக்க வேண்டும் என்பதே. கால அட்டவணை வகுக்கும்போது எதிரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய எண் இந்த ஐந்துதான்.

வாட்ஸ்ஆப்பின் வழி வேறு. அங்கே அரசு எண்ணுவதில்லை, நிறுவனமே எண்ணுகிறது. அதில் பிராட்காஸ்ட் பட்டியல் என்று ஒன்றுண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். நமது எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கே அப்பட்டியல் வழிச் செய்தி போய்ச் சேரும் என்பது அதன் விதி. பதியாதவருக்கு நாம் அனுப்பியது போனதுபோலவே நம் திரையில் காட்டும்; அவருக்கோ வந்திராது. செய்தியின்மேல் விரலை அழுத்திப் பிடித்து விவரத்தைத் திறந்தால், யார் யாருக்குச் சேர்ந்தது என்ற பட்டியல் கிட்டும். இரண்டு மூன்று செய்திகளாக ஒருவர் பெயர் அதில் வராமலே இருந்தால், அவர் நம் எண்ணைப் பதியவில்லை, அல்லது எண்ணை மாற்றிவிட்டார், அல்லது நம்மைத் தடை செய்துவிட்டார் என்று பொருள். மூன்றில் எதுவாயினும் மீண்டும் மீண்டும் அனுப்புவதில் பயன் இல்லை.

இந்த விதியைக் குறை என்று எண்ணாதீர்கள். இது பெறுகிறவரின் ஒப்புதலைக் கருவிக்குள்ளேயே வைத்த ஏற்பாடு. இதை மீறுவதற்காக விற்கப்படுபவைதான் மொத்தமாக அனுப்பும் மென்பொருள்களும், மூலச் செயலியைப் போலவே தோற்றம் காட்டும் போலிச் செயலிகளும். அந்நிறுவனம் தானியங்கி வழி அனுப்புவதையும் மொத்தமாக அனுப்புவதையும் தன் விதிகளில் தடுத்திருக்கிறது. 2021 மே 15 முதல் ஜூன் 15 வரையிலான ஒரே மாதத்தில் இந்தியாவில் 20 லட்சம் கணக்குகளை முடக்கியதாக அது அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 95 விழுக்காட்டுக்கு மேல் இவ்வாறு மொத்தமாக அல்லது தானியங்கியாக அனுப்பியதற்காக முடக்கப்பட்டவை. நேற்று வாங்கிய புது எண்ணிலிருந்து அறிமுகமற்ற பலருக்குச் சில மணித்துளிகளில் ஒரே வாசகம் போனால், அனுப்பியது கல்விச் சங்கமா, கள்ளக் கடன் கும்பலா என்று இயந்திரம் எப்படி அறியும்? பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆகவே சங்கத்துக்கென்று ஓர் எண். அது பல ஆண்டு மாறாத எண். அதை ஆண்டுக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் சங்கத்தின் பெயரோடு தம் கைப்பேசியில் பதிந்துகொள்ளும்படி நம் இளைஞர்கள் அருகிருந்து செய்துகொடுக்க வேண்டும். இதைச் செய்தி அனுப்பிக் கேட்க இயலாது என்பதைக் கவனியுங்கள். நேரில்தான் கேட்க முடியும்.

சரி, நேரத்துக்கு வருவோம். நமது பகுதியில் இதுவே மிகச் சிக்கலானது.

விளம்பர இயல்புடைய குறுஞ்செய்தி இரவு 9 மணிக்கு மேல் போகலாகாது. காலை 10 மணிக்கு முன்பும் போகலாகாது. இது பதிவு பெற்று அனுப்புகிறவர்களுக்குச் சொன்ன விதி. நாம் சாதாரண எண்ணிலிருந்து அனுப்பும்போதும் இந்த எல்லைக்குள் நிற்பதே நன்று. தூக்கம் கலைந்தவரே முறையீடு செய்ய முதலில் எழுகிறவர். ஆனால் திருப்பூரின் நாள் எப்படிப்பட்டது? ஒன்றரை ஷிப்டு என்றால் காலை எட்டரைக்குள் நுழைந்து இரவு எட்டரைக்கு வெளியே வருவது. பவர்டேபிளில் உட்கார்ந்தவர் கைப்பேசியை எடுக்க முடியாது; பல இடங்களில் வாயிலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எட்டரைக்கு வெளியே வந்தவர் வீடு சேர்வதற்குள் 9 ஆகிவிடுகிறது. சட்டத்தின் கடிகாரமும் கம்பெனியின் கடிகாரமும் சந்திக்கும் இடம் வாரநாளில் மதிய உணவு வேளை ஒன்றும், இரவில் அரைமணி நேரமும்தான்.

சனிக்கிழமை கூலி வாங்கும் நாள். அன்று மாலை மளிகைக் கடையும் கடன் கணக்கும் சேர்ந்து நிற்கும். அப்போது வரும் எந்த அறிவிப்பும் மறுநாள் நினைவில் இராது. மீதமிருப்பது ஞாயிறு முற்பகல். 10 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் வரும் செய்தியை வீட்டில் இருவர் மூவர் சேர்ந்து படிக்கிறார்கள். படிக்கத் தெரியாத தாய்க்கு மகள் படித்துச் சொல்கிறாள். ஆகவே முதல் செய்தி ஞாயிறு முற்பகல், மீதியைத் திங்கள் மதியம் என்று வைத்துக்கொள்வதே இவ்வூருக்குப் பொருந்தும். தீபாவளிக்கு முந்திய பத்து நாளை முற்றிலும் விட்டுவிடலாம். அந்நாள்களில் போனஸ் பேச்சைத் தவிர வேறெதுவும் காதில் ஏறாது. தள்ளுபடி விளம்பரங்களுக்கிடையே நமது செய்தியும் ஒரு விளம்பரமாகவே எண்ணப்படும். (முன்னாளில் பண்டிகை நாள்களில் குறுஞ்செய்திச் சலுகை செல்லாது என்று நிறுவனங்களே வைத்திருந்ததைச் சிலர் நினைவுகூரலாம். அவர்கள் பணத்துக்காகச் செய்ததை நாம் பயன் கருதிச் செய்வோம்.)

இனி, மேற்சொன்ன 900 குடும்பக் கணக்கை முடித்துவிடுவோம். உதவித்தொகைச் செய்தி யாருக்கு வேண்டும்? அவ்வகுப்பில் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு மட்டும். பதிவேட்டில் பிள்ளையின் வகுப்பையும் எழுதி வைத்திருந்தால் அதைப் பிரித்தெடுக்கலாம். 140 வீடு தேறுகிறது என்று கொள்வோம். மாதத்தின் முதல் தேதி ஞாயிறு. அன்று முற்பகல் 70 வீட்டுக்கும், திங்கள் மதியம் 70 வீட்டுக்கும் சுருக்கிய செய்தி போகிறது. நாளொன்றுக்கு நூறு உண்டே, ஏன் 70 என்றால், மறுமொழி சொல்ல மீதி முப்பது வேண்டும். செய்தி கிடைத்தவர் "எந்தச் சான்று?" என்று கேட்பார், அப்போது நம் எண் வாய் மூடிக் கிடத்தலாகாது.

எட்டாம் தேதி ஞாயிறன்று 85 பேர் வந்துவிட்டார்கள் எனில் அவர்கள் பெயரை அன்றே கோடிட்டு அடித்துவிட வேண்டும். இதைத்தான் நாம் பெரிதும் வற்புறுத்துகிறோம். விண்ணப்பம் கொடுத்து முடித்தவருக்கு மறுபடியும் 'கடைசி நாள் 30' என்று போனால் அவர் குழம்புவார். மூன்றாம் முறை போனால் எரிச்சலடைவார். ஒன்பதாம் தேதி மதியம் மீதி 55 பேருக்கு மட்டும் இரண்டாம் செய்தி, 15ஆம் தேதி ஞாயிறைக் குறித்து. அதன்பிறகும் வராத வீடு இருபது இருக்கலாம். அவர்களுக்கு மூன்றாம் குறுஞ்செய்தி வேண்டாம். இரண்டு செய்திக்கு அசையாத வீட்டில் மூன்றாவதற்கு வேலை இல்லை. எண் மாறியிருக்கும், அல்லது வருமானச் சான்று கிடைக்காமல் அலைந்துகொண்டிருப்பார்கள். நம் இளைஞர் இருவர் அந்தச் சந்துக்கு நடந்து போய் வந்தால் காரணம் தெரிந்துவிடும். சான்று வாங்க நாள் ஆகும் என்பதால்தான் முதல் செய்தியை 30க்குப் பக்கத்தில் வைக்காமல் முதல் தேதியிலேயே வைத்தோம்.

மொத்தம் எத்தனை அனுப்பினோம்? 140உம் 55உம், 195. எல்லாருக்கும் மூன்று முறை என்று போயிருந்தால் 2,700. நீண்ட வாசகமாயின் 5,400. அத்தனையும் அனுப்ப ஒரு சிம்முக்கு 54 நாள் வேண்டும். பொதுவான செய்திகள், ஆண்டு விழா, நூலக நேரம் போன்றவை வாட்ஸ்ஆப் வழியே மாதம் ஒரு முறை போதும். 900 பேரை 225 வீதம் நான்கு பட்டியலாக்கி, பகுதிவாரியாக ஒரு ஞாயிறுக்கு ஒரு பட்டியல் என அனுப்பலாம். முதற்பட்டியலில் எவரேனும் பிழை சுட்டினால் மற்ற மூன்றுக்கும் போவதற்குள் திருத்திக்கொள்ளலாம்.

பயிற்சி வகுப்பில் கட்டணம் வாங்கிச் சேர்க்கை நடத்துவதாயின் நிலைமை மாறிவிடுகிறது. அது விளம்பரம். அதைச் சாதாரண எண்ணிலிருந்து மொத்தமாக அனுப்பலாகாது. 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, அனுப்பும் அமைப்பு தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் பதிவு செய்துகொண்டு, தன் பெயர்க்குறியையும் அனுப்பப்போகும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் பெற வேண்டும். நமக்கு வரும் வங்கிச் செய்திகளின் பெயர்க்குறி முடிவில் 2025 முதல் ஓர் எழுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். `-P` என்றால் விளம்பரம், `-S` என்றால் சேவைச் செய்தி, `-T` என்றால் பணப் பரிமாற்றம் போன்றவை, `-G` என்றால் அரசு. வேண்டாமென்று முழுதும் தடுத்துக்கொண்டவருக்கு விளம்பரச் செய்தி போகாது. தடுக்கும் வகைகளில் கல்வி என்பதும் ஒன்று. கல்வி விளம்பரத்தால் மக்கள் எவ்வளவு தொல்லைப்பட்டிருந்தால் அதற்கென்று ஒரு தனி எண் ஒதுக்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தப் பதிவு முறையில் செய்தி எப்படி மறையும் என்பதற்கு 2021 மார்ச் 8ஆம் நாள் சான்று. அன்று, போகும் ஒவ்வொரு செய்தியையும் பதிந்த வாசகத்தோடு ஒப்பிட்டு, பொருந்தாததை நிறுத்தும் முறையை நாடெங்கும் இயக்கினார்கள். பல பெரிய நிறுவனங்கள் வாசகங்களைச் சரிவரப் பதியாதிருந்தமையால் வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொற்கள் முதல் தடுப்பூசிப் பதிவு வரை நின்றுபோயின. மறுநாள் டிராய் அம்முறையை ஏழு நாள் நிறுத்தி வைத்தது. வங்கிகளுக்கு ஏழு நாள் தவணை கிடைத்தது. சிறு சங்கத்துக்காக எவரும் எதையும் நிறுத்தி வைக்கப்போவதில்லை. பதிந்த வாசகத்தில் 'வருக' என்றிருக்க நாம் 'வாரீர்' என்று எழுதினாலும் செய்தி வழியிலேயே கழிக்கப்படும். ஆகவே ஜூன் மாதச் சேர்க்கைக்கு வேண்டிய வாசகத்தை ஏப்ரலிலேயே பதிந்து, முதலில் நம் செயற்குழுவினர் பத்துப் பேருக்கு மட்டும் அனுப்பி, அவர்கள் கைக்கு வந்ததா என்று கேட்டறிந்த பின்னரே மற்றவர்க்கு அனுப்ப வேண்டும். 'அனுப்பப்பட்டது' என்று வரும் அறிக்கை வேறு, 'சேர்ந்தது' என்று வரும் அறிக்கை வேறு. கட்டணம் வாங்கும் இடைத்தரகர் முன்னதையே காட்டுவார். நாம் பின்னதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒப்புதலைப் பற்றி ஒரு சொல். அங்கத்தினர் சேர்க்கைப் படிவத்தில், எவ்வகைச் செய்தி வேண்டும் என்று ஒரு வரியும், கையெழுத்தும், தேதியும் இருக்கட்டும். முறையீடு வந்தால் எடுத்துக் காட்ட அதைவிடச் சிறந்த ஆவணம் இல்லை. வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அன்றே நிறுத்திவிட வேண்டும். பதிவு முறையில், விலகிக்கொண்டவரிடம் 90 நாள் கழியும் வரை மீண்டும் ஒப்புதல் கேட்கவே கூடாது என்று 2025ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது.

இந்தத் தொண்ணூறு என்னும் எண் இன்னோரிடத்திலும் வருகிறது. ஒருவர் சிம்மைக் கைவிட்டால் அந்த எண்ணைக் குறைந்தது 90 நாள் ஆறப்போட்டு, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நம் ஊரில் வேலை குறைந்தால் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுப் போகிறார்கள். மலிவாகக் கிடைத்தால் புதுச் சிம் வாங்குகிறார்கள். நமது பதிவேட்டில் இன்னும் அவர் பெயரே இருக்கும். அந்த எண்ணை இப்போது வைத்திருப்பவரோ வேறு மாவட்டத்தில் இருக்கும் அந்நியர். அவருக்கு நம் சங்கம் எதுவென்றே தெரியாது. சங்கச் செய்தி நாலைந்து முறை போனால் 1909க்கு முறையிடும் முதல் ஆள் அவராகத்தான் இருப்பார், அதில் அவர்மேல் பிழையும் இல்லை. ஆகவே எண்களைச் சரிபார்க்கும் வேலையை ஏறத்தாழத் தொண்ணூறு நாளுக்கு ஒரு முறை வைத்துக்கொள்ள வேண்டும்: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் ஞாயிறு. அக்டோபரில் தீபாவளி வருமானால் ஒரு வாரம் முன்னதாக. அன்று செய்தி ஏதும் அனுப்ப வேண்டாம். சந்து வாரியாகப் பட்டியலைப் பிரித்து எடுத்துக்கொண்டு, இரண்டு மாதமாகச் செய்தி சேராத எண்களுக்கு மட்டும் வீட்டுக்குப் போய்க் கேட்டு வந்தால் போதும். 900 குடும்பத்தில் இது நாற்பது ஐம்பது வீட்டுக்கு மேல் போகாது; நான்கு பேர் ஒரு முற்பகலில் முடித்துவிடலாம்.